'சேலரி'ன்னு மட்டும் மெசேஜ் வந்தா

கேள்வி: "சென்னைல ஒரு உதவிக் குழுவுல வாலண்டியரா புதுசா சேர்ந்திருக்கேன். வெளிநாட்டுல வேலை பாக்குற நம்ம ஆளுங்க வாட்ஸ்அப்ல வெறும் 'சேலரி'ன்னோ 'காண்ட்ராக்ட்'ன்னோ ஒரே வார்த்தை அனுப்புறாங்க. என்ன பிரச்சனை, விவரமா சொல்லுங்கன்னு கேட்டா அப்புறம் பதிலே வர்றதில்ல. நான் என்ன தப்பு பண்றேன்?"

தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா "விவரமா சொல்லுங்க"ங்கறது அந்த நேரத்துல அவரால பதில் சொல்ல முடியாத கேள்வி. நான் தொழிலாளர் சட்டம் படிச்சுட்டு பல வருஷமா இதே வேலைல இருக்கேன், சென்னைல உக்காந்துட்டு சிங்கப்பூர், சவுதி, துபாய்ல இருக்கறவங்க கூடதான் பெரும்பாலும் பேச்சு. நான் பாத்த வரைக்கும் அந்த ஒத்த வார்த்தைய அனுப்புறவருக்கு தெரிஞ்சுக்க வேண்டியது முதல்ல ஒண்ணே ஒண்ணுதான்: இந்தப் பக்கம் மனுஷங்க யாராச்சும் இருக்காங்களா, இவங்ககிட்ட சொன்னா அது என் சூப்பர்வைசர் காதுக்கோ ஏஜென்ட் காதுக்கோ போயிடுமா. அது தெரியறதுக்கு முன்னாடி கதைய கேட்டா அவர் பின்வாங்கிடுவார்.

இன்னொண்ணு, அவர் எங்க உக்காந்து டைப் பண்றார்னு யோசிங்க. நமக்கு ராத்திரி எட்டு மணின்னா சிங்கப்பூர்ல பத்தரை. காலைல லாரி ஏறினவர் சைட் முடிஞ்சு டார்மிட்டரிக்கு வந்து, குளிக்க வரிசைல நின்னு, சாப்ட்டு, பத்து பன்னெண்டு பேர் படுத்திருக்கற ரூம்ல மேல் கட்டில்ல படுத்துக்கிட்டு அனுப்புறார். பக்கத்து கட்டில்ல அதே கம்பெனி ஆளு. போன் பண்ணி பேச முடியாது, வாய்ஸ் நோட் கூட அங்க வச்சு பேச முடியாது, தமிழ்ல நீளமா டைப் பண்ணி பழக்கமும் இருக்காது. கையில இருக்கற பேப்பர்ல பாத்த வார்த்தை எதுவோ அத அனுப்பிடுறார். அதனால "பதில் இல்ல"ங்கறத ஆர்வம் இல்லன்னு எடுத்துக்காதீங்க.

என் முதல் பதில் எப்பவும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்: "வணக்கம்ணா, மெசேஜ் பாத்தேன். நான் சென்னைல இருந்து பேசறேன், இத வேற யாருக்கும் அனுப்ப மாட்டேன், உங்க கம்பெனிக்கும் ஏஜென்ட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல. இப்ப எந்த நாட்டுல இருக்கீங்க? இப்ப டைப் பண்ண முடியலன்னா நாளைக்கு எப்ப வசதியோ அப்ப வாய்ஸ்ல சொல்லுங்க." அவ்வளவுதான். இதுல கேள்வி ஒண்ணே ஒண்ணு, அதுக்கும் ஒரே வார்த்தைல பதில் போட்டுடலாம். நம்பர் +65ன்னு ஆரம்பிச்சா சிங்கப்பூர், +966ன்னா சவுதி, ஆனா நிறைய பேர் ஊர்ல எடுத்த நம்பர்லயே வாட்ஸ்அப் வச்சிருப்பாங்க, அதனால நாட்ட கேட்டுடறது நல்லது. "சம்பளம் தரலையா"ன்னு மட்டும் நீங்களா கேட்டுடாதீங்க. களைப்புல இருக்கறவர் "ஆமா"ன்னு போட்டுடுவார், நீங்க அந்த ஆமாவ பிடிச்சுக்கிட்டு கம்ப்ளைன்ட் வழியெல்லாம் அடுக்கிடுவீங்க, ஆனா அவரோட கவலை வேற எங்கயோ இருக்கும்.

அது எப்படின்னு ஒரு கேஸ வச்சு முழுசா சொல்றேன். ரெண்டு மூணு பேரோட விஷயத்த சேத்து அடையாளம் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன். புதுக்கோட்டை பக்கத்துக்காரர், சிங்கப்பூர்ல கட்டட வேலை, ஒர்க் பெர்மிட். "சேலரி"ன்னு அனுப்பினார். நான் மேல சொன்ன மாதிரி பதில் போட்டேன், மறுநாள் ராத்திரி "கம்மி"ன்னு வந்துச்சு. எவ்வளவு கம்மின்னு கேக்காம, ஊர்ல இருந்து கிளம்பும்போது கொடுத்த ஐபிஏ பேப்பர் இருந்தா ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். ஐபிஏங்கறது ஒர்க் பெர்மிட் கிடைக்கறதுக்கு முன்னாடி அந்த நாட்டு மனிதவள அமைச்சு கொடுக்கற ஒப்புதல் கடிதம், தொழிலாளிக்கு புரியற மொழிலயும் தருவாங்க, நம்மாளுங்களுக்கு தமிழ்ல. அடிப்படை சம்பளம் எவ்வளவு, நிலையான அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவுன்னு அதுல இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பறது டைப் பண்றத விட சுலபம், வெட்கப்படவும் அதுல ஒண்ணும் இல்ல, அதனால நிறைய பேர் அனுப்பிடுவாங்க.

அவர் ஐபிஏல மாச அடிப்படை சம்பளம் 800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்னு இருந்துச்சு, பிடித்தம்னு எதுவும் இல்ல. கைக்கு வந்தது 864. மேலோட்டமா பாத்தா 800 விட அதிகமாதானே வருது, அப்புறம் என்ன கம்மின்னு தோணும். ஆனா அந்த மாசம் ஒரு நாள் கூட லீவு போடாம, அதுக்கு மேல 60 மணி நேரம் ஓவர்டைம் பாத்திருக்கார். கம்பெனி கணக்கு இப்படி: நாள் கூலி 24 வெள்ளி, 26 நாளைக்கு 624, ஓவர்டைம் மணிக்கு 4 வெள்ளின்னு 240, ஆக மொத்தம் 864. சட்டப்படியான கணக்கு வேற. மாச அடிப்படை சம்பளத்த 12ஆல பெருக்கி, வாரத்துக்கு 44 மணி நேரம்னு 52 வாரத்துக்கு வகுத்தா ஒரு மணி நேர கூலி வரும், 800க்கு அது கிட்டத்தட்ட 4 வெள்ளி 20 காசு. ஓவர்டைமுக்கு அதுல ஒன்றரை மடங்கு, அதாவது 6 வெள்ளி 29 காசு. 60 மணிக்கு ஏறக்குறைய 378. 800ஐயும் சேத்தா 1178 வரணும். மாசம் 314 வெள்ளி குறையுது. ஐபிஏல போட்ட அடிப்படை சம்பளத்த தொழிலாளி எழுத்துல ஒத்துக்காம, அமைச்சுக்கும் தெரிவிக்காம கம்பெனி குறைக்க முடியாது. இதெல்லாம் உறுதியா சொல்லக்கூடியது.

இந்த கணக்க நான் அவருக்கு தெளிவா எழுதி அனுப்பிட்டு, டிஏடிஎம்ல, அதாவது அங்க சம்பளத் தகராறுக்கு சமரசம் பண்ற அமைப்புல, புகார் கொடுக்கலாம்னும் சொன்னேன். மூணு நாள் சத்தமே இல்ல. புதுசா இந்த வேலைக்கு வர்றவங்க இங்கதான் தடுமாறுவாங்க, அவருக்கு புரியலயோன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் சட்டத்த விளக்குவாங்க. அவருக்கு நல்லாவே புரிஞ்சிருக்கும். மணிக்கு 4 வெள்ளின்னு போடுறாங்கன்னு எட்டு மாசமா அவருக்கு தெரியும். எட்டு மாசம் பொறுத்தவர் இப்ப ஏன் எழுதினார்? ஒத்த வார்த்தை வரும்போதெல்லாம் எனக்குள்ள நான் கேட்டுக்கற கேள்வி இதுதான், ஏன் இந்த வாரம்? அத அவர்கிட்ட நேரா கேக்காம "பெர்மிட் எந்த தேதி முடியுதுண்ணா?"ன்னு கேட்டேன். உடனே பதில் வந்துச்சு, ஆறு வாரத்துல முடியுதாம். அதுக்கு பின்னாடியே, டார்மிட்டரி வெளில மைதானத்துல நின்னு பேசின நாலு நிமிஷ வாய்ஸ் நோட்.

அதுல மொத்தமும் வந்துடுச்சு. ஏஜென்ட்டுக்கு கொடுக்க மனைவியோட நகைய பேங்க்ல வச்சிருக்கார், பத்தாததுக்கு ஊர்ல வட்டிக்கு வாங்கியிருக்கார், அசல் இன்னும் பாதி கூட அடையல. ரினியூவல் வேணும்னா ஒரு தொகை கொடுக்கணும், கணக்கு கேக்குறவனுக்கு ரினியூவல் கிடையாதுன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்கார். குறையற 314 வெள்ளி அவரோட தூக்கத்த கெடுக்கல. இன்னும் ஆறு வாரத்துல கடனோட ஊருக்கு திரும்பி வந்து நிக்கணுமோங்கறதுதான் கெடுக்குது. அத வாய்விட்டு சொல்ல முடியாம "சேலரி"ன்னு அனுப்பியிருக்கார், ஏன்னா சம்பளத்த பத்தி கேக்கறது மரியாதைக்கு குறைவு இல்ல, பயமா இருக்குன்னு சொல்றது கஷ்டம். அப்ப நான் முதல்ல சொன்ன புகார் யோசனை அவருக்கு எப்படி கேட்டிருக்கும்? எதப் பத்தி பயப்படுறாரோ அதையே செய்யச் சொன்ன மாதிரிதான் கேட்டிருக்கும்.

கவலை எங்க இருக்குன்னு தெரிஞ்சதும் சொல்ற தகவலும் மாறுது. சிங்கப்பூர் கட்டடத் துறைல பெர்மிட் முடியறதுக்கு 40 நாள்ல இருந்து 21 நாள் வரைக்கும் இருக்கற இடைவெளில, இப்ப இருக்கற முதலாளியோட சம்மதம் இல்லாமலே வேற கட்டட கம்பெனிக்கு மாறிக்கலாம். 40 நாளுக்கு முன்னாடின்னாலும் சரி, 21 நாளுக்கு உள்ளன்னாலும் சரி, சம்மதம் வேணும். அவருக்கு 42 நாள் இருந்துச்சு. அதாவது ரெண்டு நாள்ல கதவு திறக்குது, மூணு வாரத்துல மூடிடும். இந்த தேதிய நான் முதல் நாளே கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்னு சொல்லலாம்தான், ஆனா முதல் நாள் அவர் பதில் சொல்லியிருப்பாரான்னு எனக்கு சந்தேகம், கணக்கு சரியா போட்டுக் கொடுத்த பிறகுதான் அவருக்கு ஒரு நம்பிக்கை வந்துச்சு. விதிகள் மாறக்கூடியது, அதனால ஒவ்வொரு தடவையும் மனிதவள அமைச்சு தளத்துல பாத்துட்டுதான் தேதி சொல்லுங்க, நான் இன்னைக்கும் அப்படித்தான் செய்றேன்.

ரெண்டாவது, புகாருக்கு அவசரம் இல்லங்கறது. வேலைல இருக்கும்போதே கொடுத்தா சம்பளம் வர வேண்டிய தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள, வேலைய விட்டுட்டா கடைசி நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள. அப்ப அவர் முதல்ல வேற கம்பெனி பாத்து மாறிட்டு, அப்புறமா பழைய பாக்கிய கேக்கலாம். கேக்காமலும் விடலாம், அது அவர் முடிவு. ஆனா ஆதாரத்த மட்டும் அன்னைக்கே சேக்க ஆரம்பிக்கச் சொன்னேன்: சம்பள சீட்டு, பேங்க்ல காசு விழுந்த விவரம், டைம் கார்ட் போட்டோ, ஒரு சின்ன நோட்ல தேதி, எந்த சைட், எத்தன மணிக்கு ஆரம்பிச்சு எத்தன மணிக்கு முடிச்சார். இத யாருக்கும் தெரியாம செய்யலாம், வேலைக்கு ஆபத்து இல்ல. மூணாவது, ரினியூவலுக்குன்னு கம்பெனி தொழிலாளிகிட்ட காசு வாங்கறது சிங்கப்பூர் சட்டப்படி குற்றம். "அத நீங்க கொடுக்க வேண்டிய கடமை இல்ல"ங்கற ஒரு வரியே அவருக்கு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு.

இதுல உறுதியில்லாததையும் அதே வாய்ஸ்ல சொல்லிடணும், மறைச்சா அப்புறம் நம்மள நம்ப மாட்டாங்க. மூணு வாரத்துல வேற கம்பெனி கிடைக்குமான்னு யாராலும் சொல்ல முடியாது. புகார் கொடுத்தது தெரிஞ்சா கம்பெனி பெர்மிட்ட ரத்து பண்ணலாம். அப்படி ஆனா புகார் முடியற வரைக்கும் அங்க தங்க ஸ்பெஷல் பாஸ் தரலாம், ஆனா அந்த பாஸ்ல தனியா அனுமதி வாங்காம வேலை செய்ய முடியாது, வட்டி மட்டும் ஊர்ல ஓடிக்கிட்டே இருக்கும். சமரசம் சீக்கிரமும் முடியும், இழுக்கவும் இழுக்கும். சென்னைல இருந்து நம்மால அவருக்காக புகார் கொடுக்க முடியாது, அவரேதான் ஆன்லைன்ல தன் சிங்பாஸ்ங்கற அரசு லாகின் போட்டு கொடுக்கணும். அங்க நேர்ல போய் கேக்க மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டர் இருக்கு, 6536 2692ங்கற நம்பர்ல 24 மணி நேரமும் எடுப்பாங்க. நம்ம வேலை அவர் எந்த பேப்பரோட, எந்த தேதிக்குள்ள, யார்கிட்ட போகணும்னு தயார் பண்ணி விடறதுதான். அவர் கடைசில மாறினாரா இல்ல அதே கம்பெனில இருந்தாரான்னு இங்க சொல்லல, ரெண்டுல எத தேர்ந்தெடுத்தாலும் தெரிஞ்சு தேர்ந்தெடுத்தார்.

"காண்ட்ராக்ட்"ன்னு வர்றது எனக்கு அதிகமா வளைகுடால இருந்துதான், அதுக்கு வேற மாதிரி போகணும். அங்க அந்த வார்த்தைக்கு பின்னாடி பெரும்பாலும் வீட்டுக்கு வரணும்ங்கற தவிப்பு இருக்கும். அம்மாவுக்கு முடியல, இல்ல சொன்ன வேலை ஒண்ணு கொடுத்த வேலை ஒண்ணு, இல்ல ரெண்டு வருஷம் முடிஞ்சும் அனுப்ப மாட்டேங்கறாங்க. இங்க நான் ஒண்ணு ரெண்டு மூணுன்னு போட்டு "எதுன்னு நம்பர் மட்டும் அனுப்புங்க"ன்னு கேப்பேன்: ஒண்ணு, காண்ட்ராக்ட் முடிஞ்சுடுச்சு விட மாட்டேங்கறாங்க. ரெண்டு, முடியறதுக்கு முன்னாடி வரணும். மூணு, கையெழுத்து போட்டதும் இப்ப இருக்கறதும் வேற. நாலு, வேற எதுவோ. நாலாவது நம்பர கண்டிப்பா வைங்க, முக்கியமானது நிறைய தடவ அதுலதான் வரும். சவுதின்னா அடுத்து கேக்க வேண்டியது கிவாங்கற சவுதி அரசு தளத்துல இருக்கற அவரோட காண்ட்ராக்ட்ட அவரே திறந்து பாத்திருக்காரான்னு. கம்பெனி ஆளு போன வாங்கி ஓடிபிய எடுத்து அவர் ஒத்துக்கிட்ட மாதிரி போட்டுட்டாங்கன்னு சொல்றவங்க இருக்காங்க, அதனால கையில இருக்கற பேப்பர வச்சு மட்டும் பேசாதீங்க. இன்னொரு முக்கியமான விஷயம், கோவத்துல கூட "அங்கிருந்து வெளிய வந்துடுங்க"ன்னு சொல்லிடாதீங்க. சவுதில வேலை இடத்த விட்டு போயிட்டார்னு முதலாளி ஹுரூப் போட்டுட்டா, சம்பள பாக்கிய விட பெரிய சிக்கல் அதுதான், அங்க தங்கறதுக்கான இக்காமா பெர்மிட்ட சரி பண்றதும் ஊருக்கு வர்றதும் ரெண்டுமே மாட்டிக்கும். 'மதத்'ங்கற இந்திய வெளியுறவு அமைச்சக புகார் தளம் வழியா தூதரகத்துல பதிவு பண்றது, ரியாத்லயும் ஜெத்தாலயும் இருக்கற இந்தியர் உதவி மையம், இங்க சேப்பாக்கத்துல அயலகத் தமிழர் நலன் ஆணையரகம், இதெல்லாம் அவர் இருந்த இடத்துல இருக்கும்போதே செய்யலாம். கை வைக்கிறாங்க, அடைச்சு வச்சிருக்காங்கன்னு வந்தா மட்டும் இந்த நிதானம் பொருந்தாது, உடனே தூதரகத்துக்கும் அந்த ஊர் போலீசுக்கும்தான் போகணும்.

எல்லா ஒத்த வார்த்தைக்கும் பின்னாடி பெரிய துயரம் இருக்குன்னும் நினைச்சுக்காதீங்க. சில பேருக்கு சம்பளம் எந்த தேதிக்குள்ள வரணும்னு தெரிஞ்சா போதும். சிங்கப்பூர்ல சம்பள காலம் முடிஞ்சு ஏழு நாளைக்குள்ள, ஓவர்டைம் காசு 14 நாளைக்குள்ளன்னு சொன்னீங்கன்னா நன்றின்னு போட்டுட்டு போயிடுவாங்க, அவங்கள குடைஞ்சு கேக்க வேண்டாம். ஒரு வார்த்தைல இருந்து கவலைய கண்டுபிடிச்சிடலாம்னு நான் சொல்லல, அத யாராலும் முடியாது. நான் பாக்கறது கூட வர்ற சின்ன அடையாளங்கள: அனுப்பிட்டு அழிச்ச மெசேஜ் இருக்கா, ஒரே வார்த்தை நாலு நாளா திரும்பத் திரும்ப வருதா, வீட்டுக்கு சொல்லிடாதீங்கன்னு கேக்கிறாரா, கணக்க பத்தி பேசிட்டு இருக்கும்போதே பிள்ளைங்க படிப்ப பத்தி திடீர்னு சொல்றாரா. இதுல கடைசியா ஒண்ணு, "இனிமே முடியல", "நான் இல்லன்னா இன்சூரன்ஸ் வருமா"ங்கற மாதிரி ஏதாவது வந்தா சம்பளக் கணக்க அங்கேயே நிறுத்திடுங்க. உயிர மாய்ச்சுக்கற எண்ணம் இருக்கான்னு நேரா, மெதுவா கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது. பக்கத்துல நம்பிக்கையான ஆள் யாருன்னு கேட்டு அவர எழுப்பச் சொல்லுங்க, அந்த ஆள் வர்ற வரைக்கும் பேச்ச விடாதீங்க. சிங்கப்பூர்ல ஹெல்த்சர்வ்ங்கற அமைப்பு வெளிநாட்டு தொழிலாளிங்களுக்காகவே இதுக்கு இருக்கு. வீட்டுக்கு அவர் அனுமதி இல்லாம போன் பண்ணக்கூடாதுங்கற விதி எனக்கு ரொம்ப முக்கியம், அத நான் மீறுறது இந்த ஒரு நிலைமைல மட்டும்தான்.

கடைசியா உங்க குழு வேலை முறைல ஒண்ணு மாத்துங்க. ஷிப்ட் மாறும்போது அடுத்தவர் "என்ன பிரச்சனை"ன்னு மறுபடி முதல்ல இருந்து கேட்டார்னா, நாலு நாள் பொறுத்து சொன்னவர் அதோட போயிடுவார். அதனால ஒவ்வொருத்தருக்கும் நாலு வரி எழுதி வைங்க: எந்த நாடு, பெர்மிட்டோ இக்காமாவோ முடியற தேதி, எப்ப பேச வசதி, எத பத்தி கேக்க வேண்டாம்னு சொன்னார். பேரும் பாஸ்போர்ட் நம்பரும் அந்த குறிப்புல வேண்டாம். அடுத்த ஆள் அத படிச்சுட்டு "அண்ணா, பெர்மிட்டுக்கு இன்னும் 38 நாள் இருக்கு, வேற கம்பெனி யாராவது பேசினாங்களா"ன்னு ஆரம்பிச்சா, பதில் வரும்.